தக்காளி பழமா, காய்கறியா? ஒரு குழந்தைக் கதையும் அதில் நான் விட்ட பிழையும்

யாங்கோனில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு கோயில் மண்டபத்தில் சிறு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ், தெருவில் பர்மிய மொழி என்று வளரும் பிள்ளைகள். அவர்களுக்குப் பொருத்தமான வாசிப்புக் கதை கிடைக்காத வாரங்களில் நானே ஒன்றை எழுதிவிடுவேன். அப்படி எழுதிய கதைகளில் ஒன்று இது.

செல்வியும் சூசூவும் ஒரே கட்டடத்தில் மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் குடியிருப்பவர்கள். செல்வி தமிழ்ப் பெண், சூசூ பர்மியப் பெண். ஒருநாள் செல்வியின் அம்மா அரை வீசை தக்காளி வாங்கிவரச் சொன்னார். இருவரும் கூடையோடு கிளம்பினார்கள்.

"பழம் வாங்கப் போகிறோம், பழம் வாங்கப் போகிறோம்" என்று சூசூ பாடிக்கொண்டே வந்தாள்.

"தக்காளி பழம் இல்லை. அம்மா அதை ரசத்தில் போடுகிறார். ரசத்தில் யாராவது மாம்பழம் போடுவார்களா?" என்றாள் செல்வி.

"நீங்கள்தானே தக்காளிப் பழம் என்று சொல்கிறீர்கள்? தக்காளிக் கிழங்கு என்றா சொல்கிறீர்கள்?"

சந்தை வரைக்கும் சண்டை ஓயவில்லை. காய்கறிக் கடைப் பாட்டி இருவரையும் பார்த்துச் சிரித்தார். கத்தியை எடுத்து ஒரு தக்காளியை இரண்டாக நறுக்கினார். "உள்ளே விதை இருக்கிறது பார். விதை இருந்தால் அது பழம். சூசூதான் சொன்னது சரி" என்றார்.

கதை அங்கே முடிந்தது. படித்துக் காட்டிவிட்டு நான் புத்தகத்தை மூடுவதற்குள் ஒரு பையன் கையைத் தூக்கினான். "சயாமா," என்றான். ஆசிரியையை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "கத்தரிக்காயிலும் விதை இருக்கிறது. அதை ஏன் கத்தரிப் பழம் என்று சொல்வதில்லை?" பின்வரிசையிலிருந்து வெண்டைக்காய் என்று ஒரு குரல் வந்தது. மிளகாய், பாகற்காய் என்று அடுத்தடுத்துக் குரல்கள். என் கதை ஐந்து நிமிடத்தில் சரிந்துவிட்டது.

பிள்ளைகளின் பக்கம்தான் நியாயம் இருந்தது. "தக்காளி உண்மையில் ஒரு பழம், தெரியுமா?" என்று பெரியவர்கள் பெருமையோடு சொல்வதை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பெருமைக்குள் இருக்கும் குழப்பத்தைத்தான் நானும் கதையில் எழுதி வைத்திருந்தேன்.

மாமாவா, பஸ் ஓட்டுநரா?

உங்கள் மாமா பஸ் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வந்து, "இவர் மாமாவா, ஓட்டுநரா? ஒன்றைச் சொல்" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? மாமா என்பது அவர் எந்த வீட்டில் எப்படிப் பிறந்தார் என்பதிலிருந்து வரும் பெயர். ஓட்டுநர் என்பது அவர் செய்யும் வேலையிலிருந்து வரும் பெயர். இரண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்தும், ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடாது.

தக்காளிக்கும் இதே கதைதான். அது செடியின் எந்த உறுப்பிலிருந்து பிறந்தது என்பது ஒரு கேள்வி. சமையலறையில் அதற்கு என்ன வேலை என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியைத் தாவரவியல் கேட்கிறது, இரண்டாவதை அம்மா கேட்கிறார். செல்வியும் சூசூவும் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு, ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துச் சண்டை போட்டார்கள்.

பிறப்பு: பூவுக்குள் இருக்கும் பச்சை மொட்டு

முதல் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் பூவிலிருந்து தொடங்க வேண்டும். வகுப்புக்காக மண்டபத்தின் ஓரத்தில் ஒரு தொட்டியில் தக்காளி நட்டோம். கார்த்திகை பிறப்பதற்குள் நட்டிருக்க வேண்டும். நான் பிப்ரவரியில் நட்டேன். அந்தத் தவறு பிற்பாடு பாடமாக உதவியது.

தக்காளிப் பூ சிறியது, மஞ்சள் நிறம், தலை குனிந்திருக்கும். நடுவில் மஞ்சளாக ஒரு கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் அந்தக் கூம்புக்குள்தான் இருக்கிறது. கூம்பை நகத்தால் மெல்லக் கிழித்தால் உள்ளே கடுகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பச்சைக் குமிழ் தெரியும். அதற்குப் பெயர் சூற்பை. சூற்பைக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் வெள்ளைப் பொடிமணிகள் சூல்கள். இந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டால் போதும்.

மகரந்தம் சூற்பையின் மேல் நீண்டிருக்கும் மெல்லிய தண்டின் நுனியில் ஒட்டி, அங்கிருந்து ஓர் இழையாக வளர்ந்து கீழே இறங்கிச் சூலைச் சேர்ந்தால் சூல் கருவுறுகிறது. கருவுற்ற சூல் விதையாகிறது. வளரும் விதைகளிலிருந்து கிளம்பும் சுரப்புகள், "நீயும் வளர்" என்று சூற்பைக்குச் சொல்கின்றன. சூற்பை பருக்கிறது, அதன் சுவர் சதையாகிறது. இப்படிப் பருத்து முதிர்ந்த சூற்பைக்குத் தாவரவியல் வைத்திருக்கும் பெயர்தான் கனி.

தக்காளி தன் பூவிலேயே தன் மகரந்தத்தை வைத்திருக்கிறது. கூம்பு குலுங்கினால் போதும், மகரந்தம் உதிர்ந்துவிடும். வெளியே காற்று அந்த வேலையைச் செய்யும். சில வகை வண்டுத்தேனீக்கள் பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரத்தாலேயே உலுக்கும். மண்டபத்துக்குள் காற்றில்லை என்பதால் காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

சுண்டியும் பயனில்லை. ஏப்ரல் வெயிலில் பூக்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பகலில் 35 பாகையைத் தாண்டி, இரவிலும் வெப்பம் தணியாவிட்டால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். அப்புறம் சூல் கருவுறாது. செடி அந்தப் பூவை வைத்துக்கொள்ளாது. விழுந்த பூக்களைப் பொறுக்கிப் பார்த்த ஒரு சிறுமி விசித்திரமான ஒன்றைக் கண்டுபிடித்தாள். எல்லாப் பூக்களும் காம்பின் பாதியில், ஒரே இடத்தில் ஒடிந்திருந்தன. தக்காளிக் காம்பின் நடுவில் முழங்கால் மூட்டு போல ஒரு சிறு வீக்கம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கருவுறாத பூவைக் கழற்றிவிடச் செடி வைத்திருக்கும் இடம் அது. கனி பறிக்கும்போது காம்பு சட்டென்று ஒடிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

மழை ஓய்ந்து அக்டோபரில் மறுபடியும் நட்டோம். இந்த முறை பூ காய்ந்தது, உதிரவில்லை. காய்ந்த இதழ்களைத் தள்ளிக்கொண்டு பச்சைக் குமிழ் வெளியே வந்தது.

இதுவரை பார்த்ததைக் கையில் பிடித்துக்கொள்வோம். பூவின் சூற்பை வளர்ந்தால் அது கனி. தக்காளி சூற்பையிலிருந்து வந்தது, ஆகவே தாவரவியல் கணக்கில் அது கனி. இதில் இனிப்புக்கும் புளிப்புக்கும் வேலையில்லை, பச்சையா சிவப்பா என்பதற்கும் வேலையில்லை.

குறுக்கே நறுக்கிப் பாருங்கள்

கடைப் பாட்டி தக்காளியை நறுக்கியது சரிதான். ஆனால் காம்பிலிருந்து நுனிக்கு நெடுக்கே நறுக்காமல், வயிற்றின் குறுக்கே நறுக்கிப் பார்க்க வேண்டும். அப்போது சக்கரம் போல அறைகள் தெரியும். சிறு தக்காளியில் இரண்டு அல்லது மூன்று, பெரியதில் இன்னும் அதிகம். பூவுக்குள் கடுகளவில் இருந்த சூற்பையிலும் அதே அறைகள்தான் இருந்தன. வெளிச்சதை சூற்பையின் சுவர். அறைக்குள் வழுவழுவென்று விதைகளைச் சூழ்ந்திருக்கும் கூழ், விதைகள் ஒட்டி வளர்ந்த நடுத்திசுவிலிருந்து வந்தது.

ஒரு பக்கம் சப்பையான தக்காளி கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். அதைக் குறுக்கே வெட்டினால் சப்பையான பக்கத்து அறையில் விதை மிகக் குறைவாக இருக்கும், அல்லது வெறும் பொந்தாக இருக்கும். அந்தப் பக்கத்துச் சூல்கள் கருவுறவில்லை, "வளர்" என்று சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை. விதைதான் கனியை வளர்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. வகுப்பில் இதைக் காட்டிய பிறகு பிள்ளைகள் வீட்டில் கோணல் தக்காளியாகப் பார்த்து எடுத்துவர ஆரம்பித்தார்கள்.

தமிழ் வைத்திருக்கும் பொறி: காய்

அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். கத்தரிக்காயும் சூற்பையிலிருந்துதான் வருகிறது. பிறகு ஏன் அது காய், தக்காளி மட்டும் பழம்?

நம் மொழியில் காய் என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பழுக்காத நிலைக்கும் காய் என்கிறோம், மாங்காய் மாம்பழமாவது போல. சமையலுக்கு வாங்கும் பொருளுக்கும் காய் என்கிறோம், "இன்றைக்கு என்ன காய்?" என்று கேட்பது போல. பழம் என்பது காயின் முதிர்ந்த நிலை. குழந்தை வளர்ந்து பெரியவராவது மாதிரி இரண்டும் ஒரே பொருளின் வயதுகள்.

கத்தரியை நாம் இளசாக இருக்கும்போதே பறித்துவிடுகிறோம். செடியிலேயே விட்டால் அது மஞ்சளாகிப் பழுக்கும், உள்ளே விதை முற்றிக் கெட்டியாகும், யாரும் சமைக்கமாட்டார்கள். வெண்டைக்காயை விட்டால் நாராகும், பாகற்காயை விட்டால் ஆரஞ்சு நிறத்தில் வெடித்துச் சிவப்பு விதைகளைக் காட்டும். எல்லாமே கனிகள்தாம். நாம் அவற்றின் சிறுவயதில் பறித்துச் சாப்பிடுவதால் காய் என்ற பெயர் நிலைத்துவிட்டது. தக்காளியை மட்டும் பெரும்பாலும் பழுத்த பிறகு சமைக்கிறோம். அதனால் தக்காளிப் பழம் என்கிறோம். கிளையிலிருக்கும் பச்சைத் தக்காளியைத் தக்காளிக்காய் என்று சொல்ல நமக்கு எந்தத் தயக்கமும் இல்லையே.

பழுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. தக்காளி முழு அளவுக்கு வளர்ந்து, விதை முளைக்கும் பக்குவத்தை அடைந்த பிறகே சிவக்கத் தொடங்கும். அதற்குமுன் பறித்தால் என்ன செய்தாலும் சரியாகப் பழுக்காது. ஷான் மாநிலத்து இன்லே ஏரியில் மிதக்கும் தோட்டங்களில் விளையும் தக்காளி யாங்கோன் சந்தை வரை வருகிறது. தூரத்துக்கு அனுப்புகிறவர்கள் பச்சையாகப் பறித்தாக வேண்டும், ஆனால் பிஞ்சாகப் பறித்துவிடக் கூடாது. இரண்டும் வெளியே ஒரே பச்சையாகத்தான் தெரியும். தெரிந்துகொள்ள வழி, ஒரு காயைப் பலிகொடுத்து வெட்டிப் பார்ப்பதுதான். கத்தி போகும்போது விதைகள் கூழில் வழுக்கி ஒதுங்கினால் காய் முற்றிவிட்டது, வழியிலேயே பழுத்துக்கொள்ளும். கத்தி விதைகளையும் சேர்த்து அரிந்தால் அது பிஞ்சு.

முற்றிய காயிலிருந்து எத்திலீன் என்ற வாயு கிளம்புகிறது, அதுதான் பழுக்கவைக்கும் சைகை. பழுத்த ஒன்றைப் பச்சைக் காய்களோடு ஒரே கூடையில் மூடி வைத்தால் மற்றவையும் சீக்கிரம் சிவப்பது இதனால்தான். வெயில் கடுமையாக இருந்தால் சிவப்பு நிறம் சரியாக உருவாகாமல் ஆரஞ்சிலேயே நின்றுவிடும். சந்தையில் "இது ஏன் சிவக்கவில்லை?" என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டும் முன் அந்த மாதத்து வெயிலை நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, தாவரவியல் சொல்லும் கனி வேறு, பேச்சில் சொல்லும் பழம் வேறு. கனி ஓர் உறுப்பின் பெயர், பழம் அந்த உறுப்பின் வயது. நம் பாடப்புத்தகங்கள் பழம் என்று எழுதாமல் கனி என்று எழுதுவது இந்தக் குழப்பத்தை ஓரளவு தவிர்க்கிறது. வீட்டுப் பேச்சில் இரண்டும் கலந்துவிடுவதால் மறுபடி சண்டை வருகிறது.

சமையலறையின் கணக்கு

காய்கறி என்ற சொல்லுக்குத் தாவரவியலில் இடமே கிடையாது. செடியில் வேர், தண்டு, இலை, பூ, கனி, விதை உண்டு. காய்கறி என்று ஓர் உறுப்பு இல்லை. வாழை மரம் ஒன்றே போதும் இதைக் காட்ட. வாழைத்தண்டு, வாழைப்பூ, வாழைக்காய் மூன்றும் காய்கறிக் கடையில்தான் இருக்கின்றன. முள்ளங்கி வேர், உருளைக்கிழங்கு தண்டின் கிழங்கு, கோஸ் இலைகளின் கட்டு. உப்பும் காரமும் சேர்த்துச் சோற்றோடு சாப்பிடும் எந்தத் தாவர உறுப்பும் காய்கறியாகலாம்.

இந்தச் சண்டை ஒருமுறை அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1883-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி வெளிநாட்டிலிருந்து வரும் காய்கறிக்கு 10 விழுக்காடு வரி, பழத்துக்கு வரியில்லை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தக்காளி இறக்குமதி செய்த ஜான் நிக்ஸ் என்ற வியாபாரியின் சரக்குக்கு நியூயார்க் துறைமுகத்தின் சுங்க அதிகாரி எட்வர்ட் ஹெடன் வரி வாங்கினார். தக்காளி பழம்தானே, வரியைத் திருப்பிக் கொடு என்று நிக்ஸ் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் அகராதிகளை விரித்து வைத்துச் சொற்பொருள் படித்தார்கள்.

1893 மே 10 அன்று நீதிபதி ஹோரஸ் கிரே தீர்ப்பை வாசித்தார். தாவரவியல்படி தக்காளி ஒரு கொடியின் கனி என்று தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. வெள்ளரியும் அவரையும் பட்டாணியும் அப்படித்தான் என்றும் சொல்கிறது. ஆனால் மக்கள் இவற்றைச் சாப்பாட்டோடு சாப்பிடுகிறார்கள், சாப்பாட்டுக்குப் பின் பழமாகச் சாப்பிடுவதில்லை. சட்டம் வியாபாரத்துக்கானது, ஆகவே வியாபாரத்தில் வழங்கும் பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பு. நிக்ஸ் தோற்றார். "தக்காளி கனி இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது" என்று இதைச் சிலர் கிண்டலாகச் சொல்வதுண்டு. தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. பிறப்பையும் வேலையையும் அது நன்றாகவே பிரித்துப் பார்த்தது.

சூசூவின் மொழி என்ன சொல்கிறது?

இதை எழுதும்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. தினமும் பேசும் பர்மிய மொழியில் விடை முன்பே இருந்திருக்கிறது.

பர்மியத்தில் கனிக்கு "தீ". கத்தரி "கயான் தீ". தக்காளி "கயான்ச்சின் தீ", அதாவது புளிப்புக் கத்தரிக் கனி. கத்தரியும் தக்காளியும் நெருங்கிய உறவு, இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் தாவரவியலாளர்கள் வைத்திருக்கிறார்கள். நம் மணத்தக்காளியும் அதே வீட்டுப் பிள்ளைதான். பெயர் வைத்த பர்மியர் நுண்ணோக்கி எதுவும் இல்லாமலே இந்த முகச்சாயலைக் கண்டுகொண்டார்.

இதைவிட அழகு காய்கறிக்கான சொல். "ஹின் தீ ஹின் யுவெட்" என்பார்கள். ஹின் என்றால் கறி, யுவெட் என்றால் இலை. கறிக்கான கனி, கறிக்கான இலை. மாம்பழம், கொய்யா போன்றவை "தித் தீ", மரத்துக் கனி. கனியா காய்கறியா என்ற சண்டைக்கே இந்த மொழியில் இடமில்லை, ஏனென்றால் காய்கறி என்ற சொல்லுக்குள்ளேயே கனி உட்கார்ந்திருக்கிறது. நம் காய்கறியைத் திருப்பிப் போட்டால் கறிக்காய், ஏறத்தாழ ஹின் தீ. பழுக்காத நிலையைச் சொல்லப் பச்சை என்று பொருள்படும் "செயின்" என்ற தனிச் சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வேர்க்கடலை தூவிய பச்சைத் தக்காளி சாலட் பெயரிலேயே அது உண்டு.

விதை விதி வழுக்கும் இடம்

"விதை இருந்தால் கனி" என்று கடைப் பாட்டி சொன்னதில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. வாழைப்பழத்தில் விதை எங்கே? நாம் சாப்பிடும் வாழையில் கருவுறாமலே சூற்பை பருத்துவிடுகிறது, நடுவில் தெரியும் கரும்புள்ளிகள் வளராமல் போன சூல்கள். விதை இல்லாவிட்டாலும் சூற்பையிலிருந்து வந்ததால் அது கனிதான். மறுபக்கம் முந்திரிப் பழம். சாறு வடியும் அந்தச் சிவப்பு உருண்டை சூற்பையிலிருந்து வந்ததே இல்லை, பருத்துப்போன காம்பு. அதன் நுனியில் தொங்கும் கொட்டைதான் முந்திரியின் உண்மையான கனி. விதையைத் தேடுவதைவிட, "இது பூவின் எந்தப் பாகம்?" என்று கேட்பது பத்திரமான வழி.

திருத்திய கதை

அக்டோபரில் நட்ட செடி காய்க்கத் தொடங்கிய வாரம் கதையின் முடிவை மாற்றினேன். பாட்டி தக்காளியை நறுக்கவில்லை. செடியோடு ஒரு கொத்தைக் கூடையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் நுனியில் ஒரு மஞ்சள் பூ, நடுவில் மிளகளவு பச்சைக் குமிழ், அடியில் ஒரு சிவந்த தக்காளி.

"சூசூ, இது எங்கிருந்து வந்தது?"

"பூவிலிருந்து, பாட்டி."

"செல்வி, இது எங்கே போகப் போகிறது?"

"ரசத்துக்கு, பாட்டி."

"பிறகு ஏன் சண்டை? அரை வீசையா, ஒரு வீசையா? அதைச் சொல்லுங்கள்."

வாசித்து முடித்ததும் அந்தப் பையன் எழுந்து தொட்டிக்குப் போய்விட்டான். பட்டாணி அளவு வளர்ந்திருந்த ஒரு குமிழின் நுனியில் சருகாகிப்போன மஞ்சள் பூ இன்னும் தொப்பி போல ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை நகத்தால் மெல்லத் தள்ளினான். சருகு உதிர்ந்தது, தக்காளியின் நுனியில் ஊசி முனை அளவில் ஒரு தழும்பு மட்டும் இருந்தது. "சயாமா, எல்லாத் தக்காளியிலும் இது இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மடப்பள்ளியில் தக்காளி இருக்கிறதா என்று பார்க்க ஓடினான்.